மிளகாய் விதை வாங்குகிறவர்கள் விலை ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

மார்கழிக் கடைசியில் 10 கிராம் மிளகாய் விதை பாக்கெட் ஒன்று வாங்கி, 98 குழி உள்ள தட்டு நான்கில் போட்டேன். மிளகாய் எட்டு, பத்து நாளில் தலைகாட்டிவிடும். பதினைந்து நாள் ஆகியும் 392 குழியில் முளைத்திருந்தது 31 தான்.

கடையில் போய்க் கேட்டதற்கு, "ஆழமா போட்டிருப்பீங்க, இல்லன்னா தண்ணி அதிகம், பனி வேற" என்று என் மேலேயே திருப்பிவிட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

முளைக்காத குழிகளைக் குச்சியால் கிளறினேன். விதை அரை சென்டிமீட்டர் ஆழத்தில்தான் இருந்தது. ஆழம் அதிகமாகியிருந்தால் வெள்ளை வேர் விட்டு, மேலே வர முடியாமல் முளை வளைந்து கிடக்கும். இங்கே வேரே இல்லை. தண்ணீர் போதாமல் போயிருந்தால் விதை காய்ந்து கெட்டியாக இருக்கும். இதுவோ ஊறி, விரலில் நசுக்கினால் கூழாக வந்தது. தென்னை நார்க்கழிவைக் கைப்பிடி எடுத்துப் பிழிந்தேன், உருண்டையாக நின்றது, தண்ணீர் சொட்டவில்லை. ஆனால் ஊறிக் கூழான விதை, தண்ணீர் அதிகமானாலும் அப்படித்தான் ஆகும், உயிரில்லாத பழைய விதையானாலும் அப்படித்தான். இதை வைத்து மட்டும் கடைக்காரரிடம் பேச முடியாது.

அதனால் போன வருஷம் நானே எடுத்து வைத்த விதையில் 50, இந்தப் பாக்கெட்டில் மிச்சமிருந்ததில் 50 எண்ணி, ஒரே ஈரத்துணியில் பக்கத்துப் பக்கத்தில் பரப்பிச் சுருட்டினேன். பனி படாமல் சமையலறை அலமாரியில் வைத்தேன். ஆழம் என்ற பேச்சுக்கே இடமில்லை, சூடும் ஈரமும் இரண்டுக்கும் ஒன்றுதான். பத்தாம் நாள் விரித்தபோது என் விதையில் 41 வேர் விட்டிருந்தது. பாக்கெட் விதையில் 4. சான்று விதையென்றால் மிளகாய்க்குக் குறைந்தது 60 சதவீதம் முளைக்க வேண்டும்.

அப்புறம்தான் பாக்கெட்டை உற்றுப் பார்த்தேன். விலை ஸ்டிக்கர் சற்றுத் தடிப்பாக இருந்தது. ஈரத்துணியால் தேய்த்து உரித்தால், அடியில் பரிசோதனை நாளும் காலாவதி நாளும். பரிசோதித்த நாளிலிருந்து ஒன்பது மாதம்தான் அந்த முளைப்புத்திறன் கணக்கு செல்லும். இந்த விதைக்கு அது முடிந்தே 14 மாதம் ஆகியிருந்தது. ஆழத்தையும் பனியையும் சொன்னவர் இதைச் சொல்லவே இல்லை!

துணியையும் பாக்கெட்டையும் காட்டியதும் விலையை மட்டும் திருப்பித் தந்தார். தட்டு, நார்க்கழிவு, கையைவிட்டுப் போன ஒரு மாதப் பட்டம் எல்லாம் என் கணக்கு. பாக்கெட்டையே தூக்கி எறிந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. நாற்று எழும்பும்வரை பாக்கெட், பில், ஒரு பிடி விதை மூன்றையும் பத்திரமாக வையுங்கள். நான் என்னிடமிருந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு போய் விதை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்துவிட்டேன்.