எச்சரிக்கை: “கான்கிரீட் போடட்டும் சார், மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்”

கூரைத் தளம் போடுவதற்கு முந்தைய நாள், அதற்குள் ஒயர் பைப் போட வந்த எலக்ட்ரீஷியன் இப்படிச் சொன்னால், அடுத்த நாள் கான்கிரீட்டைத் தள்ளிவையுங்கள். அதை நம்பிய ஒரு வீட்டில் என்ன ஆனது என்பதைக் கீழே எழுதியிருக்கிறோம். யார் செய்த வேலை என்பது இங்கே முக்கியமில்லை. இதே முறையில் வேலை செய்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

இரண்டு படுக்கையறை வீடு. பில்லர், பீம் எழுப்பிக் கட்டியது. தளம் போடும்போது உள்சுவர்கள் எழும்பவில்லை. எலக்ட்ரிக் வேலை பொருளோடு சேர்த்து பாயிண்ட் ரேட், அதாவது ஒரு லைட் அல்லது ஃபேன் பாயிண்டுக்கு இவ்வளவு என்று கூலி, தளத்தில் பைப் போட்டதும் பாதிப் பணம். கம்பி கட்டி முடித்த பிறகு சாயங்காலம் இரண்டு பையன்கள் வந்தார்கள், இருட்டுவதற்குள் பைப் போட்டுவிட்டுப் பாதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார்கள். பூச்சு வேலை முடிந்து ஒயர் இழுக்க வந்தபோதுதான் குறைகள் வரிசையாக வெளிப்பட்டன. கொத்தி எடுப்பது தன் கணக்கில் வராது என்று எலக்ட்ரீஷியன் கையை விரித்துவிட்டார்.

முதலில் ஃபேன். பெரிய படுக்கையறை 12 அடிக்கு 11 அடி. பையன்கள் பீம் பலகைக்கும் பீம் பலகைக்கும் நடுவில் டேப் பிடித்து, 6 அடியில் ஃபேன் பாக்ஸை ஆணி அடித்து வைத்துவிட்டார்கள். ஆனால் அந்த அறையில் ஒரு பக்கச் சுவர் முழுக்க 2 அடி ஆழத்துக்கு அலமாரியும் அதன்மேல் பரணும் வருகின்றன. புழங்கும் இடம் 10 அடிதான். அப்படியென்றால் எதிர்ச் சுவரிலிருந்து 5 அடியில் வந்திருக்க வேண்டிய ஃபேன், ஒரு அடி தள்ளிப் பரண் பக்கமாகச் சுற்றுகிறது. கட்டில் அதன் அடியில் இல்லை. பீம் பலகையை நம்பி அளப்பதில் இன்னொரு கோளாறும் உண்டு. பீம் 9 இஞ்ச், அதன் கீழே வரும் உள்சுவர் நாலரை இஞ்ச் என்றால், சுவர் பீமின் எந்தப் பக்க முகத்தோடு ஒட்டி வரும் என்று கேட்காமல் நடுப்புள்ளி சொல்லவே முடியாது. சுவர்க் கோடு, அலமாரி, பரண் மூன்றையும் சென்ட்ரிங் ஷீட்டின் மேலேயே பெயிண்டால் வரையச் சொல்லுங்கள். பாக்ஸ் வைப்பது அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது, சுவிட்ச் பாக்ஸுக்கு இறங்கும் பைப். சின்ன அறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது பிளானில் இல்லை, யாரும் கேட்கவும் இல்லை. பைப் கீல் பக்கம் இறங்கிவிட்டது. இப்போது கதவைத் திறந்தால் சுவிட்ச் போர்டு அதன் பின்னால் மறைந்துகொள்கிறது. இறங்கும் பைப் கதவின் கைப்பிடிப் பக்கம், நிலையிலிருந்து முக்கால் அடியாவது தள்ளி வர வேண்டும். 8 மாடுல் பாக்ஸே ஏறக்குறைய 9 இஞ்ச் அகலம், நிலையோடு ஒட்டிப் பைப் வந்தால் பாக்ஸ் உட்காராது. தப்பாக இறங்கிய பைப்பைச் சுவரில் குறுக்காகக் கட்டிங் போட்டு நகர்த்தலாம் என்பார்கள். 9 இஞ்ச் சுவரில் சமாளிக்கலாம். நாலரை இஞ்ச் சுவரில் குறுக்குக் கட்டிங் போட்டால் சுவரின் பலம் போய்விடும், பூச்சில் விரிசலும் அதே கோட்டில் வரும். பாக்ஸின் உயரத்தைப் பற்றித் தளம் போடும் நாளில் கவலை வேண்டாம், அதைச் சுவர் எழும்பிய பிறகு முடிவு செய்யலாம். பக்கவாட்டு இடம்தான் அன்றைக்கே முடிந்துபோகிறது.

ஹாலில் நடந்தது அப்பட்டமான மிச்சம் பிடித்தல். இரண்டு ஃபேன், நாலு லைட். ஆறுக்கும் தனித்தனி சுவிட்ச் என்றால் ஆறு ஒயர், கூட ஒரு நியூட்ரல், ஒரு எர்த். மொத்தம் எட்டு ஒயர் ஒரே முக்கால் இஞ்ச் பைப்பில், அதுவும் இரண்டு வளைவு தாண்டி. வளைவுகளுக்கு நீளமான பெண்டு போடாமல் எல்போ வேறு போட்டிருந்தார்கள். எட்டு ஒயரை முக்கால் இஞ்ச்சில் நுழைக்கவே முடியாது என்றில்லை. பலம் கொண்டு இழுக்கும்போது வளைவில் இன்சுலேஷன் உரியும். பின்னால் ஒரு ஒயர் பழுதானால் அதை மட்டும் மாற்ற முடியாது. வளைவுள்ள முக்கால் இஞ்ச் பைப்பில் ஐந்து ஒயரோடு நிறுத்துவது நல்லது. இந்த ஹாலுக்கு ஒரு இஞ்ச் பைப் போட்டிருக்க வேண்டும், அல்லது முக்கால் இஞ்ச்சில் இரண்டு இறக்கியிருக்க வேண்டும். பாயிண்ட் ரேட்டில் பைப் கூடினாலும் கூலி கூடாது, அதனால்தான் குறைக்கிறார்கள். ஒப்பந்தத் தாளில் பைப்பின் அளவையும் ஒரு பைப்பில் அதிகபட்ச ஒயர் எண்ணிக்கையையும் எழுதி வாங்குங்கள். பைப்பின் மேலேயே தரம் அச்சாகியிருக்கும்: எல்.எம்.எஸ். என்றால் லேசானது, எம்.எம்.எஸ். நடுத்தரம், எச்.எம்.எஸ். கனமானது. தளத்துக்குள் லேசானது வேண்டாம். பாண்டு சுமப்பவர் மிதித்தாலே நசுங்கும்.

சாப்பாட்டு அறை லைன் முழுக்க அடைப்பு. கூரையைக் கொத்திப் பார்த்ததில் காரணம் தெரிந்தது. இரண்டு பைப்பை இணைக்கும் காலரில் பைப் ஒட்டும் சொல்யூஷனே தடவவில்லை. வைப்ரேட்டர் அதிர்வில் இணைப்பு கழன்று, சிமெண்ட் பால் உள்ளே இறங்கிக் கல்லாகிவிட்டது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். கான்கிரீட்டுக்கு முன்பே ஒவ்வொரு காலர் பக்கத்திலும் பைப்பைப் பிடித்துத் திருகி இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் சொல்யூஷன் இல்லை. பிறகு ஒவ்வொரு லைனிலும் ஒரு முனையில் ஸ்டீல் ஸ்பிரிங்கை விட்டு மறுமுனையில் எடுக்கச் சொல்லுங்கள். பைப் கம்பியோடு மூன்று அடிக்கு ஒரு கட்டாவது இருக்க வேண்டும். பீமுக்குக் கீழே வரும் வாய்களுக்கு மூடி போட வேண்டும், சிமெண்ட் பேப்பரைச் சுருட்டிச் செருகுவது போதாது. பாக்ஸ் ஷீட்டோடு படிந்து நிற்காமல் தூக்கிக்கொண்டிருந்தால் பால் அடியில் புகுந்து பாக்ஸையே மூடிவிடும், பிறகு கூரையில் அதைத் தேடிக் கொத்த வேண்டியதுதான்.

இது எலக்ட்ரீஷியனோடு முடிகிற விஷயமும் இல்லை. 5 இஞ்ச் தளம் என்பது 125 மில்லிமீட்டர். கம்பிக்குக் கீழே விடும் கான்கிரீட், அதாவது அடிக் கவர் 20, அதன்மேல் 10, 8 மில்லிமீட்டர் கம்பிகள், ஆக 38 போய்விட்டது. பைப் இதற்கு மேல்தான் ஓட வேண்டும். ஆழமில்லாத பாக்ஸ் வைத்தால் பைப் கம்பிக்குக் கீழே இறங்கிக் கவரைத் தின்றுவிடும், டீப் பாக்ஸ் கேட்பது அதற்காகத்தான். ஒரு இஞ்ச் பைப் இரண்டு குறுக்கே கடந்தால் 88 ஆகிறது, மேல் கம்பிக்கும் மேல் கவருக்கும் மிச்சம் 37. மூன்று ஒரே இடத்தில் ஏறினால் மிச்சம் 12 மில்லிமீட்டர்தான். அந்த இடத்தில் தளம் விரியும், மழையில் ஒழுகவும் தொடங்கும். எல்லா லைனும் பிரியும் மெயின் போர்டான டி.பி. பக்கம் இது இன்னும் மோசம். எட்டுப் பத்துப் பைப்பைக் கட்டாகக் கட்டி, பில்லரை ஒட்டி பீமுக்குள் இறக்கிவிடுகிறார்கள். பீமில் வெட்டு விசை அதிகம் வரும் இடமே பில்லர் ஓரம்தான். பைப்புகளைப் பிரித்து, நடுவே ஜல்லி புகும்படி மூன்று இஞ்ச் இடைவெளி விட்டு, பில்லரிலிருந்து தள்ளி இறக்கச் சொல்லுங்கள். டி.பி.யின் இடத்தை ஓரிரு அடி நகர்த்த வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. இந்த ஒன்றை மட்டும் இன்ஜினீயர் பார்த்துச் சரி சொல்லாமல் விடாதீர்கள்.

எலக்ட்ரீஷியன் வர வேண்டிய நேரம் அடிக் கம்பி கட்டி முடித்து, மேல் கம்பி போடுவதற்கு முன். எல்லாம் கட்டிய பிறகு வந்தால் கம்பிக்கு இடையில் பைப்பைத் திணிப்பார், கம்பி நகரும். கான்கிரீட் ஊற்றும்போது அவருடைய ஆள் ஒருவர் காலர், சொல்யூஷனோடு மேலே நிற்க வேண்டும். ஊற்றுவதற்கு முன், டேப்பைச் சுவர்க் கோட்டிலிருந்து பாக்ஸ் வரை விரித்து வைத்து ஒவ்வொரு அறையையும் போட்டோ எடுத்துவிடுங்கள். பின்னால் ஏ.சி.க்கோ பால்ஸ் சீலிங்குக்கோ கூரையில் டிரில் போடும்போது பைப் எங்கே ஓடுகிறது என்று சொல்ல அது ஒன்றுதான் இருக்கும். பணத்தையும் பிரியுங்கள். பைப் போட்டதும் பாதி என்று பேசாமல், பைப்புக்கான தொகையில் ஒரு பகுதியைப் பலகை பிரித்த பிறகு எல்லா லைனிலும் ஸ்பிரிங் ஓடிக் காட்டியதும் தருவதாகவும், அடைத்த லைனைக் கொத்திச் சரிசெய்வது அவர் செலவு என்றும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.