நாளுக்கு 3,000 என்றார்கள், கட்டியது 61,200: கேஷ்லெஸ் போகும் முன் இதைப் படியுங்கள்

போன மாதம் மனைவிக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். ஆபீஸ் குரூப் பாலிசி, 5 லட்சம். கேஷ்லெஸ்தானே என்று தைரியமாகப் போனேன்.

இன்சூரன்ஸ் டெஸ்க்கில் இருந்தவர், "சார், உங்க ரூம் லிமிட் 5,000. அந்த ரூம் இப்ப காலி இல்ல. 8,000 ரூம் எடுத்துக்குங்க, வித்தியாசம் மூவாயிரத்தை மட்டும் கட்டினா போதும்" என்றார். மூன்று நாளைக்கு ஒன்பதாயிரம்தானே என்று கையெழுத்துப் போட்டேன்.

டிஸ்சார்ஜ் அன்று என்னிடம் கேட்டது 61,200 ரூபாய்.

விஷயம் இதுதான். லிமிட்டைத் தாண்டிய ரூம் எடுத்தால், வாடகையோடு டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர், நர்ஸிங் கட்டணங்களையும் அதே விகிதத்தில் வெட்ட பல பாலிசிகளில் இடமுண்டு. ரூமைப் பொறுத்து இந்தக் கட்டணங்களும் ஏறும் என்பது அவர்கள் கணக்கு. 8,000-க்கு 5,000 என்றால் எட்டில் மூன்று பங்கு நம் தலையில். எங்கள் பில்லில் இந்த வகை 96,000. அதில் 36,000 போனது. வாடகை வித்தியாசம் 9,000. கையுறை, அட்மிஷன் கிட் மாதிரி பாலிசியில் வராதவை 4,200. மிச்சம் 12,000? மருந்து, டெஸ்ட் பில்லான 32,000-லும் அதே விகிதத்தில் கைவைத்திருந்தார்கள்!

அது தப்பு. மருந்து, டெஸ்ட், உடலில் பொருத்தும் கருவிகளுக்கு இந்த வெட்டு கூடாது என்பது இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கும் ஐஆர்டிஏஐயின் விதி. ஐசியு கட்டணத்துக்கும் கிடையாது.

திட்டமிட்ட ஆபரேஷன் என்றால் இரண்டு மூன்று நாள் முன்பே டெஸ்க்குக்குப் போங்கள். இன்சூரன்ஸ் இ-கார்டு, நோயாளியின் ஆதார், உங்கள் ஆபீஸ் ஐடி, அட்மிஷன் தேவை என்று டாக்டர் எழுதிய சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட், பழைய சீட்டுகள் எல்லாம் கையில் இருக்கட்டும். இன்சூரன்ஸிடம் முன் அனுமதி கேட்கும் ப்ரீ-ஆத் படிவத்தில் ஒரு பகுதி நாம் நிரப்புவது, மற்றது டாக்டர் நிரப்புவது. எத்தனை நாளாக வலி என்று டாக்டர் எழுதுவதை ஒருமுறை படித்துப் பாருங்கள். "2 மாதம்" என்பது "2 வருடம்" ஆகிவிட்டால் கேள்வி மேல் கேள்வி வரும். படிவம் போவதற்கு முன், ரூம் லிமிட்டையும் விகித வெட்டு உண்டா என்பதையும் ஹெச்ஆரிடம் மெயிலில் கேட்டு வாங்குங்கள். டெஸ்க்கில் இருப்பவர் ஆஸ்பத்திரி ஆள், இன்சூரன்ஸ் ஆள் இல்லை. லிமிட்டுக்குள் ரூம் இல்லையென்றால், அவசரமில்லாத ஆபரேஷனை இரண்டு நாள் தள்ளலாம். நான் அதைச் செய்திருக்க வேண்டும்.

முதலில் வரும் அப்ரூவல் முழுத்தொகைக்கு இல்லை. இறுதி பில் போன பிறகுதான் உண்மையான கணக்கு வரும். அதற்கு 3 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று 2024-இல் விதி வந்திருக்கிறது. எங்களுக்கு ஏழு மணி நேரம் ஆனது, அது வேறு கதை.

கிளம்பும் முன் வரிவாரியான பில், டிஸ்சார்ஜ் சம்மரி, இறுதி அப்ரூவல் கடிதம் மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள். அவற்றை வைத்துத்தான் ஹெச்ஆரையும் சேர்த்து, இன்சூரன்ஸ் கம்பெனிக்காக க்ளெய்ம்களைப் பார்க்கும் டிபிஏவுக்கு மெயில் போட்டேன். 19 நாள் கழித்து அந்த 12,000 மட்டும் திரும்பி வந்தது.