‘12+3 மாதம் ரூ. 7,999’: ஜிம் புத்தாண்டு ஆஃபருக்குப் பணம் கட்டும் முன்

கும்பகோணம் பக்கத்து ஜிம் ஒன்று 2025 டிசம்பர் கடைசியில் இன்ஸ்டாவில் போட்ட ஆஃபர் இது. ஜிம் பேர் வேண்டாம். இதே வாசகத்தை லோகோ மட்டும் மாற்றி டெல்டா முழுக்கப் போடுகிறார்கள்.

“நியூ இயர் மெகா ஆஃபர்!!
சில்வர் 3 மாதம் – ரூ. 2,999
கோல்டு 6 மாதம் – ரூ. 4,999
பிளாட்டினம் 12+3 மாதம் – ரூ. 7,999
அட்மிஷன் ஃபீஸ் 50% தள்ளுபடி
டிசம்பர் 31 வரை மட்டுமே. முதல் 50 பேருக்கு.
*நிபந்தனைகள் உண்டு”

இதைப் பார்த்து டிசம்பர் 29 அன்று ஒரு பையன் பிளாட்டினம் எடுத்தான். 7,999 ரூபாயைப் பதினைந்தால் வகுத்தால் மாதம் 533 ரூபாய். அந்த ஜிம்மில் ஆஃபர் இல்லாத நாளில் மாதக் கட்டணம் 900. கணக்கு இனிக்கத்தான் செய்யும். ஆனால் அவன் கையிலிருந்து போனது 10,619 ரூபாய். மொபைலுக்கு வந்த மெசேஜில் முடிவுத் தேதி 28-12-2026 என்று இருந்தது. பதினைந்து மாதம் பன்னிரண்டாகிவிட்டது, 533 ரூபாய் 885 ஆகிவிட்டது. கேப்ஷனில் பொய் என்று சொல்ல ஒரு வரி கிடையாது. எழுதாமல் விட்டதில்தான் வேலை நடந்திருக்கிறது.

முதலில் பில்லைப் பார்ப்போம். பிளான் 7,999, அட்மிஷன் 1,000, “ஜிஎஸ்டி 18%” என்று 1,620. மூன்றையும் கூட்டினால் 10,619.

அட்மிஷன் ஃபீஸ் என்பது ஜிம் நடத்துகிறவர்கள் கையில் இருக்கும் இழுவை ரப்பர். கார்டு போட, ஆப்பில் பேர் ஏற்ற, கைரேகை பதிய ஆகும் செலவு சொற்பம். போர்டில் 2,000 என்று எழுதி வைப்பதே பிறகு பாதி குறைக்கத்தான். அந்த ஜிம்மின் பழைய போஸ்ட்டுகளைக் கீழே தள்ளிக்கொண்டே போனால், ஆயுத பூஜை ஆஃபரில் அதே அட்மிஷன் 500 ரூபாய். ஆக, பாதித் தள்ளுபடி என்று சொல்லி வாங்கியது மூன்று மாதத்துக்கு முன்பு வாங்கியதைப் போல இரண்டு மடங்கு. எந்த ஆஃபராக இருந்தாலும் அந்தப் பக்கத்தில் ஒரு வருஷத்துப் போஸ்ட்டுகளை ஐந்து நிமிஷம் புரட்டிப் பாருங்கள். உண்மையான விலை அங்கே கிடக்கும்.

சின்ன பிளானில் இந்த அட்மிஷன் இன்னும் பலமாகக் கடிக்கும். சில்வர் 2,999 என்றால் மாதம் ஆயிரம் என்று தோன்றும். அட்மிஷன் ஆயிரத்தைச் சேர்த்தால் 3,999, அதாவது மாதம் 1,333. சாதாரண மாதக் கட்டணத்தைவிட இது அதிகம். சில்வரை இப்படி வைப்பதே பார்க்கிறவரைப் பிளாட்டினம் பக்கம் தள்ளுவதற்குத்தான். இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: முடிவுத் தேதி தாண்டிப் புதுப்பித்தால் அட்மிஷன் மறுபடி உண்டா? பல இடங்களில் ஏழு நாள் தாண்டினாலே புது ஆளாகக் கணக்கு வைத்துத் திரும்பவும் வாங்குகிறார்கள்.

அடுத்தது அந்த 18%. இது நேரடியான தப்பு. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம், யோகா மையம், சலூன் போன்ற சேவைகளுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். 5% என்றால் இந்த பில்லில் வரி 450 ரூபாய், மொத்தம் 9,449. அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: அந்த ஜிம் ஜிஎஸ்டி பதிவே செய்திருக்கிறதா? சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருந்தால் பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. சிறு ஊர் ஜிம்கள் பல அந்த வரம்புக்குள்தான் ஓடுகின்றன. பதிவு இல்லாதவர் ஒரு ரூபாய்கூட வரி என்று வாங்கக் கூடாது. பில்லில் 15 எழுத்துள்ள ஜிஎஸ்டி எண் இருக்க வேண்டும், தமிழ்நாட்டில் அது 33 என்று தொடங்கும். gst.gov.in போய் Search Taxpayer என்பதில் அந்த எண்ணைப் போட்டால் யார் பேரில் இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்று காட்டும். இந்தப் பையனின் பில்லில் எண்ணே இல்லை. ஆக அந்த 1,620 வரியே இல்லை, வரி என்று பேர் வைத்த கூடுதல் வசூல்.

இனி தேதி. கேப்ஷனில் “டிசம்பர் 31 வரை” என்று இருப்பது ஆஃபர் முடியும் தேதி. நமக்கு வேண்டியது மெம்பர்ஷிப் எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடிகிறது என்பது. அதைக் கேப்ஷனில் எழுதுகிறவர்கள் அபூர்வம். ஜிம்களில் வைத்திருக்கும் சாஃப்ட்வேரில் ரசீது போடும்போது தொடக்கத் தேதி இடத்தில் அன்றைய தேதி தானாக வந்து உட்கார்ந்துவிடும். ரிசப்ஷனில் இருப்பவர் அதை மாற்றினால்தான் மாறும். மாற்றச் சொல்லி யாரும் கேட்பதில்லை, அவர்களும் மாற்றுவதில்லை. இந்தப் பையன் பொங்கல் முடிந்து ஜனவரி 19 திங்கட்கிழமைதான் முதல் நாள் போனான். அதற்குள் 21 நாள் ஓடிவிட்டது. நாளுக்கு 29 ரூபாய் வீதம் சுமார் 610 ரூபாய், ஒரு டம்பெல் தூக்காமலே.

“+3” விஷயம் இதைவிடப் பெரிது. அந்த மூன்று மாதம் சாஃப்ட்வேரில் ஏறவே இல்லை. கேட்டதற்கு, “அது போனஸ் தம்பி, வருஷம் முடியறதுக்கு முன்னாடி ரினிவல் பண்ணீங்கன்னா அப்பப் போட்டுத் தருவோம்” என்று பதில். அதாவது இன்னொரு வருஷத்துக்குப் பணம் கட்டினால்தான் முதல் வருஷத்து இலவசம். வேறு சில இடங்களில், மாதம் 20 நாள் வருகை இருந்தால்தான் போனஸ் என்று நட்சத்திரக் குறிக்குள் ஒளித்து வைக்கிறார்கள். பணம் கட்டிய அன்றே வருகிற மெசேஜிலோ ஆப்பிலோ உள்ள முடிவுத் தேதிதான் உண்மை. டிசம்பர் 29-இல் தொடங்கிய 12+3 என்றால் அங்கே 28-03-2027 இருக்க வேண்டும். இல்லையென்றால் கவுண்டரை விட்டு நகராமல் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்துப் போனால் ரசீது போட்டவர் லீவில் இருப்பார்.

டெல்டாவில் இருப்பவர்கள் இதோடு ஃப்ரீஸ் பற்றியும் கேட்டாக வேண்டும். ஃப்ரீஸ் என்றால் சில நாள் வராவிட்டால் அத்தனை நாளை முடிவுத் தேதியோடு சேர்த்துத் தருவது. ஜனவரி ஆஃபரில் சேர்கிற நம் ஆட்களுக்கு, சேர்ந்த கையோடு சம்பா அறுப்பு வந்துவிடும். மெஷின் வருகிற நாளுக்குக் காத்திருந்து, நெல்லைக் காயவைத்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டை போடும் வரை ராத்திரி காவல் இருக்கிறவன் எந்த ஊர் ஜிம்முக்குப் போவான்? இந்தப் பையனுக்குப் பிப்ரவரியில் 25 நாள் போனது. “பிளாட்டினத்துக்கு ஃப்ரீஸ் உண்டு” என்று சேரும்போது சொன்னார்கள். ஆனால் விதி என்னவென்றால், வருஷத்தில் ஒரே முறை, முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். திரும்பி வந்து சொன்னால் செல்லாது. எத்தனை நாள், எத்தனை முறை, யாருக்கு மெசேஜ் அனுப்ப வேண்டும் என்ற மூன்றையும் சேரும்போதே கேட்டு வைத்தால் இந்த 25 நாளும் போயிருக்காது.

சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்ற பேர்கள் மாதக் கணக்கை மட்டும் குறிப்பதில்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். சில இடங்களில் சில்வருக்கு டிரெட்மில் கிடையாது, வெயிட்ஸ் மட்டும்தான். சில இடங்களில் பகல் 11 முதல் 4 வரைதான் அனுமதி. பெண்கள் பேட்ச் எந்த நேரம் என்பதைப் பெரும்பாலும் கேப்ஷனில் எழுதுவதே இல்லை. காலை 10 முதல் 12 வரை என்றால் வேலைக்குப் போகிற பெண்ணுக்கு அந்தப் பணம் வீண்.

வருஷ பிளான் யாருக்கு லாபம் என்பதற்கு ஒரு கணக்கு. இதே ஜிம்மில் தள்ளுபடியே இல்லாமல் முழு அட்மிஷன் 2,000 கட்டி, மாதா மாதம் 900 கொடுத்து நான்கு மாதம் போனால் 5,600 ரூபாய். 10,619 கட்டியவர் அதற்கு ஈடு கட்ட வேண்டுமானால் குறைந்தது பத்து மாதம் விடாமல் வர வேண்டும். ஜனவரி முதல் வாரம் பெஞ்ச் பிரஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிற கூட்டத்தில் மாசியில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்பதை எந்த டிரெய்னரும் சிரித்துக்கொண்டே சொல்வார். ஆஃபர் விலையே அந்த மிஞ்சாத ஆட்களை நம்பித்தான் போடப்படுகிறது. முதல் தடவை சேர்கிறவர் இரண்டு மாதம் மாதக் கட்டணத்தில் போய்ப் பார்த்துவிட்டுப் பெரிய பிளானைப் பற்றி யோசிக்கலாம்.

பணம் போடும் முன் ஜிம்மின் வாட்ஸ்அப் எண்ணுக்கு இப்படி ஒரு மெசேஜ் அனுப்புங்கள்: “பிளாட்டினம் 12+3, அட்மிஷன், வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு? தொடக்கத் தேதி ஜனவரி 19 என்று போட முடியுமா? முடிவுத் தேதி என்ன வரும்? ஃப்ரீஸ் எத்தனை நாள்?” பதில் எழுத்தில் வரட்டும். “நேர்ல வாங்க சார், பேசிக்கலாம்” என்று மட்டும் பதில் வந்தால் பர்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கேப்ஷனை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், போஸ்ட்டின் வாசகத்தை எப்போது வேண்டுமானாலும் எடிட் செய்யலாம். பணத்தை யாரோ ஒருவரின் சொந்த ஜிபே எண்ணுக்குப் போடாதீர்கள், ஜிம் பேரில் இருக்கும் கியூஆரில் போட்டு பில் வாங்குங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தர மறுப்பதும், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைத்து விளம்பரம் செய்வதும் குற்றம் சொல்லத்தக்கவை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம், காசு ஆகாது. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். ஆனால் போக மனசில்லை, பணத்தைத் திருப்பிக் கொடு என்றால் இதெல்லாம் கைகொடுக்காது. சொன்னதற்கும் தந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்ட வேண்டும்.

இந்தப் பையனிடம் ஸ்கிரீன்ஷாட் இருந்தது. 1915-இல் புகார் பதிந்த எண்ணையும் சேர்த்து ஓனருக்கு அனுப்பினான். வரி என்று வாங்கிய 1,620 திரும்ப வந்தது, ஆப்பில் முடிவுத் தேதி 28-03-2027 ஆனது. ஓடிப்போன 21 நாளும் அறுப்புக்குப் போன 25 நாளும் வரவில்லை, அதற்கு எழுத்தில் எதுவும் இல்லை. அட்மிஷன் ஆயிரமும் வரவில்லை. டிசம்பர் 31-ஓடு முடிய வேண்டிய அந்த ஆஃபர், பொங்கல் அன்று அதே படத்தில் கரும்பு மட்டும் ஒட்டி மறுபடி வந்தது, “அட்மிஷன் முற்றிலும் இலவசம்” என்று.