நீல டிக் உண்மைதான், ஆள்தான் பொய்

வெள்ளவத்தையில் இருந்து எழுதுகிறேன். ஒரு டேட்டிங் செயலியில் அறிமுகமானவரிடம் 240,000 ரூபா கொடுத்து ஏமாந்திருக்கிறேன். அவருடைய பெயருக்குப் பக்கத்தில் செல்பி எடுத்துச் சரிபார்த்ததற்கான நீல டிக் இருந்தது. "டிக் இருக்கிறவர் என்றால் பயமில்லை" என்று என் தோழிகள் இன்றைக்கும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவருடைய பக்கத்தில் ஆறு படங்கள். மூன்றில் அவர் முகம் தெளிவாக இருந்தது. மற்ற மூன்றில் ஒரு வெள்ளைக் கார், கோட்டையில் ஓர் உயர்ந்த கட்டடத்தின் வரவேற்பறை, ஒரு நாய். வயது 34, சொந்தமாக இறக்குமதித் தொழில், கலியாணம் ஆகவில்லை என்று போட்டிருந்தார். இரண்டு வாரம் கதைத்த பிறகு பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் சந்தித்தோம். படத்தில் இருந்த அதே ஆள் வந்தார். எனக்கு அந்த நிமிடமே மனம் இளகிவிட்டது. படமும் ஆளும் ஒன்றென்றால் மற்றதும் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். நான் விட்ட பிழை அதுதான்.

மூன்றாம் மாதம், துறைமுகத்தில் ஒரு கொன்டெய்னர் சிக்கிவிட்டது, சுங்கத்துக்குக் கட்டப் பணம் குறைகிறது என்றார். "அக்காவின் கணக்குக்குப் போடுங்கோ, என்ர கணக்கில கொஞ்சம் பிரச்சினை" என்றார். கடன் என்று ஒரு தாளில் எழுதி, அடையாள அட்டை இலக்கமும் போட்டுக் கையெழுத்து வைத்துத் தந்தார். இரண்டு தடவையாகப் போட்டேன். பிறகு அழைப்பை எடுக்கவில்லை. ஒரு நாள் அந்த "அக்கா"வே எனக்கு அழைத்தார். அவர் அவருடைய மனைவி. இரண்டு பிள்ளைகள்.

அதற்குப் பிறகுதான் அந்த டிக் எப்படிக் கிடைக்கிறது என்று பார்ப்பதற்காக என் கணக்கிலும் அதைச் செய்து பார்த்தேன். திரையில் ஒரு நீள்வட்டம் வந்தது. அதற்குள் முகத்தை வைக்கச் சொன்னது, கொஞ்சம் கிட்டக் கொண்டுவரச் சொன்னது, திரையில் நிறங்கள் மாறி மாறி ஒளிர்ந்தன. முன்னால் இருப்பது உயிருள்ள ஆளா, அச்சடித்த படத்தையோ இன்னொரு போனின் திரையையோ காட்டுகிறார்களா என்று பார்க்கத்தான் அந்த ஒளி. பிறகு அந்தச் சிறிய வீடியோவில் இருந்து முகத்தின் அமைப்பைக் கணக்கிட்டு, பக்கத்தில் நான் போட்டிருந்த படங்களோடு ஒப்பிடுகிறது. போதிய அளவு ஒத்துப்போனால் டிக். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்த ஒரு நிமிடத்தில் என் பெயரை யாரும் கேட்கவில்லை. அடையாள அட்டையைக் கேட்கவில்லை. வயது, கணக்கைத் தொடங்கும்போது நானே தட்டிப் போட்டது, அப்படியே இருந்தது. அப்புறம் இன்னொன்றும் செய்தேன். நுவரெலியாவில் யாரோ ஒருவருடைய பங்களாவின் படத்தை என் பக்கத்தில் போட்டேன். டிக் அசையவில்லை. முகம் இல்லாத படத்தில் ஒப்பிட எதுவும் இல்லைதானே! அப்போதுதான் அந்த வெள்ளைக் காரும் கோட்டைக் கட்டடமும் எனக்கு விளங்கின. அவருடைய ஆறு படங்களில் அந்த டிக் பொருந்தியது மூன்றுக்கு மட்டும். மற்ற மூன்றுக்கும் நானாகவே அதைப் பொருத்திக்கொண்டேன்.

இந்தச் சரிபார்ப்பால் பயன் இல்லை என்று சொல்லவரவில்லை. யாரோ ஒரு மாடலின் படத்தைத் திருடிப் போட்டு ஆயிரம் பேருக்கு வலை வீசுகிறவர்களை இது நன்றாகவே தடுக்கிறது. அதற்காகத்தான் உருவாக்கினார்கள். பம்பிள் 2016இல் இதைக் கொண்டுவந்தது, டிண்டர் 2020இல். காட்டப்படும் சைகையை அப்படியே செய்து செல்பி எடுக்கச் சொல்லும் முறை அது, வீடியோ பிறகு வந்தது. ஆனால் சொந்த முகத்தோடு வந்து ஏமாற்றுகிறவரிடம் இந்த வடிகட்டியில் சிக்குவதற்கு எதுவும் இல்லை. அவர் கமராவுக்கு முன்னால் தைரியமாக நிற்பார். டிக் எடுத்த கணக்கை வேறொருவரிடம் கொடுத்தால்கூட, அடுத்த தடவை முகம் கேட்கும் வரைக்கும் டிக் அங்கேதான் இருக்கும். சில செயலிகளில், சில நாடுகளில், அடையாள அட்டையையும் பார்க்கிற வேறொரு சரிபார்ப்பு இருக்கிறது. அது வயதைப் பிடிக்கும். கலியாணமானவரா, என்ன தொழில், யாருக்குக் கடன் என்பதை அதுவும் பிடிக்காது.

எங்கள் ஆட்கள் சம்பந்தம் பேசும்போது எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், தகப்பன் என்ன செய்தார், அந்த ஒழுங்கையில் யாரைத் தெரியும் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். எனக்கு அது எப்போதும் எரிச்சல். என் அம்மாவிடம் "இதில எல்லாம் செக் பண்ணித்தான் அம்மா விடுறாங்கள்" என்று நானே சொன்னேன். செயலி பார்த்தது முகத்தை மட்டும். அம்மா கேட்ட கேள்வி ஒன்றையும் அது யாரிடமும் கேட்கவில்லை.

விடை என் கையிலேயே இருந்தது என்பதுதான் இன்னும் வலிக்கிறது. பொலிஸில் அந்தக் கடன் தாளைக் கொடுத்தபோது, அதிகாரி அடையாள அட்டை இலக்கத்தைப் பார்த்ததும் "84இல் பிறந்தவர், இல்லையா?" என்றார். பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்களும், புதிய பன்னிரண்டு எண் இலக்கத்தில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 84இல் பிறந்தவருக்கு 34 வயது எப்படி வரும்? தாளை மடித்து அலுமாரியில் வைத்தேனே தவிர, அந்த இலக்கத்தை ஒரு தடவை வாசிக்கவில்லை.

யாருக்காவது இப்படி நடந்தால், சண்டை பிடிப்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். பக்கம், படங்கள், வயது, டிக், உரையாடல் எல்லாம். நான் முதலில் திட்டி எழுதினேன். அவர் அடுத்த நிமிடமே இணைப்பைத் துண்டித்துவிட்டார், செயலியில் இருந்த மூன்று மாத உரையாடலும் என் போனில் இருந்து போய்விட்டது. வட்ஸ்அப்பில் இருந்ததும் வங்கி ரசீதும்தான் மிஞ்சின. செயலி நிறுவனத்துக்கு எழுதினேன். டிக் என்பது படத்தில் இருப்பவர் அவர்தான் என்பதற்கு மட்டும், மற்றதற்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று பதில் வந்தது. அந்த விளக்கம் டிக்கைத் தட்டினால் சின்ன எழுத்தில் வருகிறது. மூன்று மாதத்தில் நான் ஒரு தடவையும் தட்டிப் பார்க்கவில்லை. ஆனாலும் அதை இவ்வளவு சின்ன எழுத்தில் வைத்துவிட்டு டிக்கை மட்டும் பெரிதாகக் காட்டுவது நியாயமில்லை.

பணத்தில் 60,000 திரும்பி வந்திருக்கிறது, அதுவும் அந்த மனைவி அனுப்பியது. போன வாரம் கொட்டாஞ்சேனையில் இருக்கும் தோழி ஒருத்தி ஒரு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினாள். அதே முகம், வேறு பெயர், வயது 32, பக்கத்தில் நீல டிக். நாயின் படமும் அப்படியே இருக்கிறது. செயலிக்கும் பொலிஸுக்கும் அறிவித்துவிட்டேன், நேற்று இரவு வரைக்கும் அந்தப் பக்கம் நீக்கப்படவில்லை. கொழும்பில் யாரிடமாவது இறக்குமதி, கொன்டெய்னர், அக்காவின் கணக்கு என்று கதை வந்தால் பணம் போட முன்னம் எனக்கு எழுதுங்கள். முறைப்பாட்டு இலக்கம் தருகிறேன்.