பூவை மாற்றினேன், செண்டுமல்லி போகவில்லை: ஃபோட்டோஷாப்பில் மூன்று வருடம்

மதுரையில் கல்யாண மேடை அலங்காரம் செய்கிறேன். பழைய மேடைப் படத்தில் வாடிக்கையாளர் கேட்கும் பூவை வைத்து மாதிரிப் படம் செய்யும் வேலையை மூன்று வருடமாக ஃபோட்டோஷாப்பில்தான் செய்கிறேன். பூவை வெட்டி ஒட்டுவது சுலபம். ஒட்டிய பிறகுதான் வேலையே ஆரம்பம்.

ஒரு வேலையைச் சொல்கிறேன். என் படத்தில் வெள்ளைத் துணிப் பின்னணி, இரண்டு பக்கமும் செண்டுமல்லிக் கொத்து. பெண்ணின் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, அதில் இருக்கிற மாதிரி வெள்ளை ரோஜா வேண்டும் என்றார். முதலில் அந்தப் படத்திலிருந்தே பூவை வெட்டினேன். என் படத்தில் 24 அடி மேடை 4800 பிக்சல், அதாவது அடிக்கு 200. மூன்று அங்குல ரோஜா 50 பிக்சல் வர வேண்டும். அவர் அனுப்பியதில் ஒரு பூ 20 பிக்சல்தான். இரண்டரை மடங்கு பெரிதாக்கினால் ரோஜா பஞ்சு மாதிரி ஆகிவிடுகிறது. போதாததற்கு அது வேறு யாரோ செய்த மேடை. அவர்கள் கட்டிய பூவை என் ஆல்பத்தில் ஒட்டுவது சரியில்லை.

அதிலிருந்து வாடிக்கையாளர் படத்தைக் கொத்தின் வடிவத்துக்கும் அடர்த்திக்கும் மட்டும் பார்த்துக்கொள்கிறேன். பூவுக்கு மாட்டுத்தாவணியில் வாங்கிய ரோஜாவை நானே தெர்மாகோலில் குத்திப் படம் எடுக்கிறேன். மேடை விளக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்திலிருந்தே வெளிச்சம் விழ வேண்டும். நாலைந்து கொத்தாவது வேறு வேறாக எடுக்க வேண்டும். ஒரே கொத்தைத் திருப்பித் திருப்பி வைத்தால் நிழலும் கூடவே திரும்பிக் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, ரோஜா வைத்தாயிற்று. நிழலுக்குத் தனி லேயர் போட்டு, கீழே இருப்பதை இருட்டாக்கும் Multiply என்ற பிளெண்ட் மோடில் வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் பார்த்துவிட்டு, “பூவ மாத்திட்டீங்க, ஆனா துணியில செண்டுமல்லி இன்னும் தெரியுதேண்ணே” என்றார். உண்மைதான். செண்டுமல்லியில் பட்ட வெளிச்சம் சுற்றியிருந்த வெள்ளைத் துணியில் ஆரஞ்சாகப் படிந்திருந்தது. பூவை எடுத்தாலும் அந்தச் சாயம் அப்படியே நின்றது. ஆறு மாதமாக இதே மாதிரிப் படங்களைக் காட்டிக்கொண்டிருந்தேன், என் கண்ணில் ஒரு நாளும் படவில்லை!

இப்போது பூவுக்குக் கீழே ஒரு காலி லேயர் போட்டு, அதன் பிளெண்ட் மோடை Color என்று மாற்றி, பூவுக்குத் தள்ளியிருக்கும் துணியின் நிறத்தை எடுத்து, மெல்லிய பிரஷ்ஷால் ஆரஞ்சு இருக்கும் இடத்தில் தடவுகிறேன். மடிப்பும் நிழலும் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் மாறும். சோபாவின் தங்கச் சட்டத்தையும் ஒரு தடவை பார்த்துவிடுவேன். பழைய பூ அங்கேயும் பளபளத்துக்கொண்டிருக்கும்.

ஒரு கொத்துக்கு எனக்கு இன்னமும் இரண்டு மணி நேரம் ஆகிறது. சரம் சரமாகத் தொங்கும் மல்லிகை வேண்டும் என்றால் இந்த வேலைக்கே போவதில்லை. ஒரு முழம் கட்டி, துணியில் தொங்கவிட்டு நேரில் காட்டிவிடுகிறேன்.