ரிக்ரெஷன் போட்டோவை வைத்து மேனேஜருக்கு மெயில்: எந்த வரைவு தேறும்?

யாரோ ரிக்ரெஷன் முடிவு தெரியும் ஸ்கிரீனை மொபைலில் படம் எடுத்து அனுப்புகிறார்கள், மேனேஜர் அதை ஜூனியரிடம் தள்ளிவிட்டு "இதை நம்பலாமா?" என்று கேட்கிறார். 48 மாத விற்பனை, அதை விளக்க `ad_spend`, அதன் எதிரே 2.4126. படத்தின் வலது ஓரமும் அடிப்பகுதியும் வெட்டுப்பட்டிருக்கின்றன.

முதல் வகை மெயில் எச்சரிக்கைப் பட்டியல். தொடர்பு இருப்பதாலேயே அதுதான் காரணம் என்று ஆகாது, மாதிரி சிறியது, விடுபட்ட மாறிகள் இருக்கலாம், இப்படியே போகும். எல்லாம் சரிதான், ஆனால் எந்த ரிக்ரெஷனுக்கும் இதையே ஒட்டலாம். படிக்கிற மேனேஜருக்கு 2.4126-ஐப் பயன்படுத்தலாமா கூடாதா என்பது கடைசிவரை தெரியாது.

இரண்டாவது வகை, படத்தில் எது தெரிகிறது, எது தெரியவில்லை என்பதிலிருந்து தொடங்கும்:

"மேடம், `std err` படத்தில் மங்கலாக இருக்கிறது, 0.880-ஆ 0.380-ஆ என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் t தெளிவாக 2.742. 2.4126-ஐ 0.880-ஆல் வகுத்தால் அதே 2.742 வருகிறது, 0.380 என்றால் 6.3 வந்திருக்கும். அதனால் 0.880 என்றே எடுத்தேன். வெட்டுப்பட்ட 95% இடைவெளியையும் இதை வைத்துக் கணக்கிட்டேன்: சுமார் 0.64 முதல் 4.18 வரை. விளைவு இருப்பதாகத் தெரிகிறது, அளவுதான் உறுதியில்லை.

இந்த இடைவெளியையும் முழுசாக நம்ப வேண்டாம். மேலே `Covariance Type: nonrobust` என்று இருக்கிறது. மாதாமாதத் தரவில் ஒரு மாதத்தின் பிழை அடுத்த மாதத்துக்கும் ஒட்டிக்கொண்டு வருவது சகஜம், அப்படி வந்தால் 0.880 உண்மையைவிடக் குறைவாகக் காட்டியிருக்கும். அது 1.2 ஆனாலே கீழ்முனை சுழிக்கு வந்துவிடும். இதைக் காட்டிக்கொடுக்கும் `Durbin-Watson` எண் வெட்டுப்பட்ட அடிப்பகுதியில் போய்விட்டது. 2-க்குப் பக்கத்தில் இருந்தால் இந்தக் கவலை பெரும்பாலும் இல்லை, 1-க்குக் கீழே என்றால் மறுபடி ஓட்டியே ஆகவேண்டும். `Dep. Variable` வரியும் பளபளப்பில் மறைந்திருக்கிறது. அது விற்பனையா, விற்பனையின் லாக் மதிப்பா என்று தெரியும்வரை 2.4-ஐப் பணக்கணக்காகப் படிக்க வேண்டாம்."

என் ஓட்டு இதற்குத்தான். மங்கிய இலக்கத்தைப் பக்கத்து நெடுவரிசையை வைத்துச் சரிபார்த்ததைக் கணக்கோடு காட்டுவதால், மேனேஜர் வேண்டுமானால் தானே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக, "ஃபைல் வந்தபிறகு சொல்கிறேன்" என்று ஒரே வரியில் முடிப்பதும் உண்டு. படத்தில் `std err`, t இரண்டுமே படிக்க முடியாதபோது இதுதான் நேர்மை. மற்ற நேரங்களில் கையில் இருக்கிற தகவலையே வீணாக்குகிறது. அப்புறம் ஃபைலைக் கேட்கும்போது இன்னொரு போட்டோ வராமல் இருக்க இந்த வரியை அனுப்பி, `result` இடத்தில் அவர்கள் மாடலுக்கு வைத்த பெயரைப் போட்டு ஓட்டி, வரும் எழுத்தை மெயிலில் ஒட்டச் சொல்லுங்கள்:

```
print(result.summary())
```