மூணு வருஷமாக போர்டுக்குப் போகும் ஒரு பக்க ரிப்போர்ட்: பக்கம் நல்லது, பொட்டுதான் பிரச்சினை

திண்டுக்கல் பக்கம் மில் கணக்குப் பார்க்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "அண்ணே, உங்க மில்லுல மாசாமாசம் போர்டுக்கு ஒரே பக்கத்துல சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு அனுப்புறீங்களே, நாங்களும் அதைப் பிடிச்சுக்கலாமா?" போனில் சொல்லி முடியாத பதில், அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்களுடையது மதுரைப் பக்கம் ஒரு நூற்பாலை. எக்செல்லில் ஒரே ஏ4 பக்கம், பன்னிரண்டு வரிகள். ஒவ்வொரு வரியிலும் டார்கெட், இந்த மாத அளவு, 12 மாதப் போக்கைக் காட்டும் குட்டிக் கோடு, ஒரு வண்ணப் பொட்டு, கடைசியில் 'யார், என்ன செய்கிறார், எந்தத் தேதிக்குள்' என்று ஒரு வரிக் குறிப்பு. இந்தக் கடைசிக் கட்டம்தான் நான் எதிர்பார்க்காத வரம். முன்பு நாற்பது பக்கக் கட்டைப் புரட்டியபடி "ஏன் குறைஞ்சது?" என்று கேட்பதிலேயே மீட்டிங் ஓடிவிடும். இப்போது போர்டு உறுப்பினர்கள் அந்தக் குறிப்பை வாசித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள், பேச்சு நேராக அடுத்த வேலைக்குப் போகிறது.

எரிச்சல் மூட்டுவது அந்தப் பொட்டு. எக்செல்லில் Conditional Formatting போய், Icon Sets-இல் விளக்குப் படத்தை அழுத்தினால் உடனே வண்ணம் வந்துவிடும். அந்த வண்ணத்துக்கும் உங்கள் டார்கெட்டுக்கும் எந்த ஒட்டும் உறவும் இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த கட்டங்களில் மிகச் சிறியதையும் மிகப் பெரியதையும் எடுத்து, இடைவெளியை 33, 67 சதவீதத்தில் வெட்டி வண்ணம் போடுகிறது. நான்கு யூனிட்டின் யீல்டு, அதாவது போட்ட பஞ்சில் நூலாக வந்த சதவீதம், 86.9, 86.7, 86.6, 86.4 என்றும், டார்கெட் 86 என்றும் வையுங்கள். நாலுமே தேறியவை. ஆனால் பக்கத்தில் ஒரு பச்சை, இரண்டு மஞ்சள், ஒரு சிவப்பு வரும். நாலும் 84-க்கு இறங்கிய மாதத்திலும், அதில் சற்றே மேலே நிற்பது பச்சையாகத்தான் இருக்கும். நல்ல மாதத்தில் ஒருவர் வீணாகத் திட்டு வாங்குவார், கெட்ட மாதத்தில் ஒருவர் தப்பிப்பார். இதை யாரும் மாற்றாமல் எத்தனை போர்டுகளுக்கு அனுப்புகிறார்களோ என்று நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

சரிசெய்வது கஷ்டமில்லை. ஐகான் விதிக்குள் ஒவ்வொரு வரிக்கும் அதனதன் டார்கெட் கட்டத்தைச் சுட்ட முடியாது, எக்செல் ஒத்துக்கொள்ளாது. அதனால் பக்கத்தில் ஒரு உதவி நெடுவரிசை வைத்து பச்சைக்கு 3, மஞ்சளுக்கு 2, சிவப்புக்கு 1 என்று எண் வரவழைக்க வேண்டும். B டார்கெட், C நடப்பு, விலக்கு என்பது டார்கெட்டிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகலாம் என்பது: D பச்சைக்கான விலக்கு, E மஞ்சளுக்கான விலக்கு. F-இல் கூடினால் நல்லது என்றால் 1, குறைந்தால் நல்லது என்றால் -1.

```
=IF(C5="","",IF(ROUND(F5*(C5-B5),4)>=-D5,3,IF(ROUND(F5*(C5-B5),4)>=-E5,2,1)))
```

பிறகு ஐகான் விதியில் Type-ஐ Number ஆக்கி 3, 2 என்று கொடுத்து, Show Icon Only டிக் செய்தால் முடிந்தது. முன்னால் இருக்கும் அந்த வெற்றுக் கட்டச் சோதனையை எடுத்துவிடாதீர்கள். பார்ட்டிகளிடமிருந்து பணம் வர எத்தனை நாள் ஆகிறது என்ற வசூல் நாட்கள் எண் இன்னும் வரவில்லை என்றால் எக்செல் அதை 0 என்று எடுத்துக்கொள்ளும், குறைந்தால் நல்லது என்ற வரியில் அது பளிச்சென்று பச்சை காட்டும். உருண்டை விளக்குக்குப் பதில் 3 Signs தொகுப்பை எடுங்கள். வட்டம், முக்கோணம், சாய்சதுரம் என்று வடிவமே வேறாக இருப்பதால் கறுப்பு வெள்ளைப் பிரிண்டிலும் தெரியும், சிவப்பு பச்சை பிரித்துப் பார்க்க முடியாதவருக்கும் புரியும்.

அடுத்து அந்த D, E-யில் எந்த எண் போடுவது? இங்கேதான் மஞ்சள் படுத்துகிறது. வழக்கமாகச் சுற்றும் டெம்ப்ளேட்டில் எல்லா வரிக்கும் '5 சதவீதம் வரை மஞ்சள்' என்றிருக்கும். யீல்டு டார்கெட் 86.5 என்றால் 5 சதவீதம் கீழே 82.2 வரும். மாதம் 100 டன் பஞ்சு போடும் மில்லில் அது நாலு டன்னுக்கு மேல் நூல், அதற்கு மஞ்சள்தான். வசூல் நாட்களில் 45 டார்கெட் என்றால் 47.25 தாண்டியதும் சிவப்பு. ஒரு பெரிய பார்ட்டி நாலு நாள் தள்ளிக் கொடுத்தாலே அதைத் தாண்டிவிடும்.

விலக்கை அந்தந்த அளவின் சொந்த ஆட்டத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். 1924-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷூவார்ட் தொடங்கி வைத்த கட்டுப்பாட்டு வரைபட வழிதான் இது. கடந்த 12 மாத அளவை எடுத்து, ஒவ்வொரு மாதத்துக்கும் முந்தைய மாதத்துக்கும் உள்ள வித்தியாசத்தின் சராசரியைக் காணுங்கள், கூட்டல் கழித்தல் குறி வேண்டாம். அதை 2.66 ஆல் பெருக்குங்கள். யீல்டில் சராசரி வித்தியாசம் 0.3 என்றால் 0.8 வரும். வசூல் நாட்களில் 4 என்றால் 10.6 வரும். சராசரியிலிருந்து அவ்வளவு தூரம் வரை அந்த அளவு தானாகவே ஆடும். சராசரியும் டார்கெட்டும் பக்கத்தில் இருந்தால் E-க்கு அந்த எண், D-க்கு அதில் பாதி. டார்கெட் 86.5 என்றால் யீல்டு 86.1 வரை பச்சை, 85.7 வரை மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. அப்போது சிவப்பு வந்தால் பஞ்சுக் கலவையோ, கார்டிங்கோ, எடை பார்த்ததோ, எங்கோ நிஜமாக ஒன்று மாறியிருக்கிறது என்று நம்பித் தேடலாம். டார்கெட்டே 88 என்று வைத்திருந்தால் கிட்டத்தட்ட எல்லா மாதமும் சிவப்புதான். அந்தச் சிவப்புக்கு ஸ்பின்னிங் மாஸ்டரைக் கேட்டுப் பயனில்லை, பஞ்சையோ மெஷினையோ மாற்றுவது போர்டின் கையில் இருக்கிறது.

மதுரைக்கென்று ஒரு தொல்லையும் உண்டு. வருகைப் பதிவை 'போன வருஷம் இதே மாதம்' என்று ஒப்பிட்டோம். அழகர் ஆற்றில் இறங்கியது 2024-இல் ஏப்ரல் 23, 2025-இல் மே 12. திருவிழாவுக்கு ஆள் லீவு போடுவது ஒரு வருஷம் ஏப்ரலிலும் அடுத்த வருஷம் மேயிலும் விழுந்தது. ஏப்ரல் பொய்யாகப் பச்சை, மே பொய்யாகச் சிவப்பு. இப்போது அந்த ஒரு வரிக்கு மட்டும் ஏப்ரல், மே இரண்டையும் சேர்த்துப் போடுகிறோம்.

போக்குக் கோட்டைப் பற்றி ஒன்றே ஒன்று. Sparkline தன் அச்சைத் தானே இழுத்துக்கொள்ளும், 86.4-க்கும் 86.6-க்கும் நடுவில் ஆடினாலும் மலையும் பள்ளமுமாகக் காட்டும். Axis-இல் Custom Value போட்டு மேல் கீழ் எல்லையை நீங்களே கட்டிவிடுங்கள்.

இவ்வளவு நல்லது சொல்லியும் நண்பருக்கு நான் சொல்வது: பக்கத்தை இந்த மாதமே தொடங்குங்கள், வண்ணம் வேண்டாம். டார்கெட், அளவு, கோடு, குறிப்பு மட்டும் போகட்டும். உங்கள் மில்லின் 12 மாதக் கணக்கு சுத்தமாகக் கைக்கு வந்த பிறகு பொட்டு வையுங்கள். உங்கள் எம்.டி. கலர் எங்கே என்று கேட்பார், அப்போது அந்த 82.2 கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.